பசுமைக் கட்சி நம் ஊரில் ஏன் இல்லை, பசுமை அரசியல் எப்படி வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகாங்கில், காராக்கிலிருந்து மெந்தகாப் போகும் பழைய ரோட்டில் எங்கள் டவுன் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலை கொஞ்சம் பேர் கூடி அரசியல் பேசுகிறோம். தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள், முதல் தடவை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கீழே வைத்திருக்கிறேன்.

பசுமைக் கட்சினா மரம் நடுற கட்சியா, சார்?

இந்தக் கட்சிகள் பெரும்பாலும் ஒரு திட்டத்தைத் தடுக்கப் போன இடத்தில் பிறந்தவை. 1972இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில் நீர்மின் திட்டத்துக்காக பெடர் ஏரியை மூழ்கடிக்கப் போனார்கள். பெரிய கட்சிகள் எல்லாம் திட்டத்தின் பக்கம் நின்றன. ஏரியைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு ஓட்டுப் போட ஆள் இல்லை. அதனால் அவர்களே தேர்தலில் நின்றார்கள். ஏரி மூழ்கிவிட்டது, அவர்களும் ஜெயிக்கவில்லை. ஆனால் உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிவது ஜெர்மனியின் வீல் கிராமத்துக் கதை. அங்கே அணுமின் நிலையம் கட்ட இடம் பார்த்தார்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் ஆவி மூடுபனியாக இறங்கினால் வெயில் குறையும், திராட்சை கெடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். 1975இல் கட்டுமான இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நிலையம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. இந்த மாதிரிப் பல போராட்டங்களில் சந்தித்தவர்கள் சேர்ந்து 1980இல் கட்சி தொடங்கினார்கள். 1983இல் 5.6 சதவீத ஓட்டோடு நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். வீல் கிராமம் இருக்கும் அதே மாநிலத்தில் 2011இல் பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் முதலமைச்சர் ஆனார்.

நம்ம நாட்டுல அப்படி ஒரு கட்சி ஏன் எழும்பவே இல்ல? நமக்கு அக்கறை இல்லையா?

அக்கறை நிறைய இருந்தது. தடுத்தது ஓட்டு எண்ணும் முறை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டில் 222 நாடாளுமன்றத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் நூற்றுக்கு 6 பேர் ஒரு பசுமைக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி மாதிரி, வாங்கிய ஓட்டு வீதத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும் விகிதாசார முறை இருந்தால் அந்தக் கட்சிக்குப் பதின்மூன்று இடம் கிடைக்கும். நம் முறையில் ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்குத்தான் இடம். ஆகவே அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காது. அதோடு எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காத வேட்பாளர் கட்டிய வைப்புத்தொகையும் போய்விடும். நாடாளுமன்றத் தொகுதிக்கு அது 10,000 ரிங்கிட்.

இதே முறை உள்ள பிரிட்டனில் இது நடந்தே காட்டியது. 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே பசுமைக் கட்சிக்கு சுமார் 15 சதவீத ஓட்டு விழுந்தது, ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் பெரிய கட்சிகள் அந்த 15 சதவீதத்தைப் பார்த்துவிட்டன. அதன் பிறகு அவர்கள் பேச்சில் சுற்றுச்சூழல் சேர்ந்துகொண்டது.

இங்கே நடந்ததும் ஏறக்குறைய அதுதான். தனிக் கட்சி வரவில்லை. இருக்கிற கட்சிகளின் போட்டிக்குள் விஷயம் புகுந்தது.

எப்போ புகுந்தது? எனக்குத் தெரிஞ்சு லைனாஸ் காலத்துலதான்.

லைனாஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் அரிய மண் ஆலை குவாந்தான் பக்கம் வந்த காலத்தில் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனால் வேர் அதற்கு முன்னாலேயே பேராக்கில் இருக்கிறது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா. ஈயம் தோண்டிய இடங்களில் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கும். அதிலிருந்து, காந்தம், மின்னணுச் சாமான் செய்ய உதவும் அரிய மண் உலோகம் எடுக்க 1982இல் ஓர் ஆலை வந்தது. உலோகம் போக மிஞ்சும் கழிவில் தோரியம் இருக்கும், அது கதிர்வீச்சு உள்ளது. ஊர் மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் துணை அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியாவும் கூட நின்றன. மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1987இல் அரசாங்கம் பலரையும் ஒன்றாகப் பிடித்துப்போட்ட ஒப்பராசி லாலாங் கைதில் புக்கிட் மேரா போராட்டக்காரர்களும் அகப்பட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த வருடக் கடைசியில் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இருந்தாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடியது.

அதே 1987 கைதில் சரவாக்கில் காடு வெட்டுவதை எதிர்த்த ஹேரிசன் ங்காவும் இருந்தார். அவர் 1990இல் பாரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். இயக்கத்திலிருந்து நாடாளுமன்றம் போன ஆள் நம் நாட்டில் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். 1995இல் அவர் தோற்றார். பின்னால் ஒரு கட்சி இல்லாததால் அது ஒரு தவணையோடு முடிந்தது.

சரி, லைனாஸ் விஷயத்துல அப்படி என்ன புதுசா நடந்துச்சு?

கட்சிகள் அந்த விஷயத்தைக் கையில் எடுத்தன. அதுதான் புதிது.

குவாந்தானுக்குப் பக்கத்தில் கெபேங் தொழிற்பேட்டையில் ஆலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து தாது கப்பலில் வருகிறது. அதைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, பிறகு தண்ணீரில் கரைத்து உலோகத்தைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கசட்டில் தோரியம் தங்குகிறது. குறைந்த அளவுக் கதிர்வீச்சுதான், பாதுகாப்பாக வைக்க முடியும் என்பது நிறுவனத்தின் நிலை. 2011இல் அனைத்துலக அணுசக்தி முகமையின் குழு வந்து பார்த்தது. விதிமீறல் இல்லை என்றது. கூடவே, கழிவை நீண்ட காலத்துக்கு என்ன செய்வது என்று தெளிவான திட்டம் வேண்டும் என்பது உட்பட 11 பரிந்துரைகள் கொடுத்தது. மக்களின் கேள்வியும் அதேதான்: கசட்டை எங்கே வைப்பீர்கள்?

அந்தக் கேள்வியைக் குவாந்தான் எம்.பி.யாக இருந்த பி.கே.ஆர். கட்சியின் ஃபுசியா சாலே நாடாளுமன்றத்தில் எழுப்பினார். வெளியே, வோங் தாக் தலைமையில் ஹிம்புனான் ஹிஜாவ் என்ற பசுமைப் பேரணி கிளம்பியது. 2012 நவம்பரில் அவர்கள் குவாந்தானிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். எங்கள் டவுனைக் கடந்தபோது நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். மழைக்காலம். பச்சைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வயதான சீனப் பாட்டி ஒருவர் சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தார். ரோட்டோர ஒட்டுக்கடை அண்ணன் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், காசு வாங்கவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் அப்போதுதான் முதல் தடவையாக "தோரியம்" என்ற சொல்லைக் கேட்டார்கள்.

ஆறு மாதத்தில் தேர்தல். ஆலையை நிறுத்துவோம் என்று அப்போதைய எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் தன் தேர்தல் அறிக்கையில் சொன்னது. வோங் தாக்கை அந்தக் கூட்டணியின் ஜ.செ.க. பெந்தோங் தொகுதியில் நிறுத்தியது.

பெந்தோங்குல 379 ஓட்டுல தோத்தாரே, அப்ப அது தோல்விதானே?

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2013இல் ம.சீ.ச.வின் லியோவ் தியோங் லாய்க்கு 25,947 ஓட்டு. வோங் தாக்குக்கு 25,568. வித்தியாசம் 379. லியோவுக்குப் போட்டவர்களில் 190 பேர் வோங் தாக்குக்குப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு சின்னக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அது.

பெந்தோங்கில் தமிழர்கள் பெரும்பான்மை கிடையாது. ஆனால் 190 பேரில் முடிவு மாறும் இடத்தில் ஒவ்வொரு லயமும் கணக்கில் வந்துவிடும். அதற்கு முன்னால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வந்துபோன கட்சிக்காரர்கள், அதற்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் கலங்கினாலும் வந்து பார்த்தார்கள். 2018இல் மும்முனைப் போட்டி. பாஸ் கட்சி அங்கே பாலசுப்பிரமணியம் நாச்சியப்பன் என்ற தமிழரை நிறுத்தியது. வோங் தாக் 2,032 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013இல் நாடு முழுக்கவே சீன ஓட்டு எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்தது, 2018இல் ஜி.எஸ்.டி.யும் ஊழல் விவகாரமும் இருந்தன. லைனாஸ்தான் பெந்தோங்கை மாற்றியது என்று சொன்னால் அது மிகை. ஆலை இருக்கும் கெபேங் மாநிலத்தின் அடுத்த கோடியில் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய கட்சி, தன் உறுப்பினரை விட்டுவிட்டு ஓர் இயக்கக்காரரை இந்த மாதிரி நெருக்கடியான தொகுதியில் நிறுத்தியதே, அந்த இயக்கத்துக்கு ஓட்டு மதிப்பு இருக்கிறது என்று அது கணக்குப் போட்டதால்தான்.

ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தாங்களே, அப்புறம் ஏன் ஆலையை மூடல?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. கேட்கும்போது குரலில் வருத்தம் இருக்கும். எனக்கும் உண்டு.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. மறுஆய்வுக் குழு அமைத்தார்கள். அந்த நேரத்தில் கெபேங்கில் தோரியம் உள்ள கசடு மட்டும் நாலரை லட்சம் டன் சேர்ந்திருந்தது. டிசம்பரில் அமைச்சர் யோ பீ யின் தரப்பிலிருந்து கடுமையான நிபந்தனை வந்தது: அந்தக் கசட்டை நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாவிட்டால் உரிமம் கிடையாது. எங்கள் கூட்டத்தில் அன்றைக்குக் கைதட்டினோம்.

2019 ஆகஸ்டில் உரிமம் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. நிபந்தனை மாறியிருந்தது. கசட்டை இங்கேயே நிரந்தரமாகப் புதைக்க இடம் பார்க்கலாம், இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளும் நாட்டின் சம்மதத்தைக் காட்டலாம். கதிர்வீச்சுள்ள கழிவு உண்டாகும் முதல் கட்ட வேலையை நான்கு வருடத்துக்குள் வெளிநாட்டுக்கு மாற்ற வேண்டும். 2020 பிப்ரவரி கடைசியில், அந்த ஆட்சி கவிழ்ந்த அதே வாரத்தில், உரிமம் மூன்று வருடம் நீண்டது. 2023இல் இன்னொரு அரசாங்கம். அதிலும் அதே கட்சிகள் இருந்தன. அந்த வருடம் அக்டோபரில், தோரியத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியைக் காரணமாகச் சொல்லி, தாதுவை 2026 மார்ச் வரை இறக்குமதி செய்து இங்கேயே வேலை பார்க்க அனுமதித்தார்கள்.

என்ன நடந்தது என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது வாக்குறுதிக்குச் செலவு இல்லை. ஆட்சிக்கு வந்ததும் வேலை இழக்கும் குடும்பங்கள், வெளிநாட்டு முதலீடு, சீனாவுக்கு வெளியே அரிய மண் கிடைக்கும் ஆலை மிகக் குறைவு என்ற உலக நெருக்கடி, எல்லாம் ஒரே மேசைக்கு வரும். ஜெர்மனியிலும் பசுமைக் கட்சிக்கு இது நடந்தது. ஆனால் அங்கே கட்சி தனியாக இருந்ததால், 1998இல் கூட்டணிக்குள் போகும்போதே அணுமின் நிலையங்களை மூடுவதைப் பேரம் பேசி உடன்பாட்டில் எழுதி வாங்கினார்கள். கடைசி மூன்று நிலையங்களும் 2023 ஏப்ரலில் நின்றன. இங்கே வோங் தாக் ஒரு பெரிய கட்சியின் ஓர் எம்.பி. அவருக்குப் பேரம் பேச இடமில்லை. லைனாஸ் பற்றிச் சொந்த அரசாங்கத்தையே எதிர்த்துப் பேசினார். 2022 தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டு கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். தொகுதி கட்சியிடமே இருந்தது.

எங்கம்மா இருபது வருஷம் மருந்து அடிச்சாங்க. அதை ஏன் எந்தக் கட்சியும் பேசல?

இதைக் கேட்ட தங்கச்சிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. என் அம்மாவும் மருந்து அடித்தவர்தான்.

காலையில் பிரட்டுக்குப் பிறகு டிரம்மிலிருந்து கலக்கி, முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு புல்லுக்கு அடிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. பம்பு ஒழுகும். முதுகில் இறங்கும் ஈரம் வேர்வையா மருந்தா என்று தெரியாது. அம்மாவின் கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, அடியிலிருந்து பெயர்ந்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சில நாள் மூக்கில் ரத்தம் வரும். கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

பெண் தொழிலாளர்களுக்காக இயங்கும் தெனாகனித்தா அமைப்பு 1992லேயே தோட்டப் பெண்களிடம் பேசி இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. நடுவில் நான்கு பொதுத்தேர்தல்கள் வந்து போயின. ஒன்றிலும் இதைப் பற்றி எங்கள் டவுனில் ஒரு மேடைப்பேச்சு நான் கேட்டதில்லை.

காரணத்தை ஓட்டுக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டதும் லயத்து ஜனங்கள் பல டவுன்களுக்குச் சிதறினார்கள். மருந்து அடிக்கும் வேலை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கைக்கு மாறியது. அவர்களுக்கு ஓட்டே கிடையாது. லயத்தில் மிஞ்சியவர்கள் வீடே தோட்டத்துடையது என்பதால் வாய் திறக்கப் பயந்தார்கள். குவாந்தானில் அடிபடப்போகிறவர்களுக்கு ஓட்டும் வீடும் கடையும் இருந்தன. இரண்டுமே உடம்புக்கு வரும் ஆபத்துதான். ஒன்று தேர்தல் அறிக்கைக்குப் போனது, இன்னொன்று அம்மாவின் நகத்தோடு நின்றுவிட்டது.

காட்டைத் திரும்ப வாங்குன கதை ஒண்ணு சொன்னீங்களே, சிலாங்கூர்ல?

கோலா லங்காட் உத்தரா காட்டு ஒதுக்கிடம். பந்திங் பக்கம். கரிச்சதுப்பு நிலக்காடு, தெமுவான் ஓராங் அஸ்லி மக்களின் கம்போங்குகள் அதை ஒட்டி இருக்கின்றன. 2020 பிப்ரவரியில், அந்த ஒதுக்கிடத்தில் 930 ஹெக்டருக்கும் மேல் பதிவிலிருந்து நீக்கப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த அறிவிப்பைத்தான். சிலாங்கூர் தன் வனச் சட்டத்தை 2011இல் திருத்தி, காட்டை நீக்குவதற்கு முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது. அப்போது பல மாநிலங்களில் அந்த விதி இருக்கவில்லை. அறிவிப்பு வந்ததால்தான் ஆட்சேபம் எழுத முடிந்தது. 45 ஆயிரத்துக்கும் மேல் ஆட்சேபங்கள் போயின. அப்படியும் 2021 ஆகஸ்ட் கடைசியில், சுமார் 537 ஹெக்டர் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று சட்டமன்றத்தில் தெரியவந்தது. எதிர்க்கட்சியும் சத்தம் போட்டது, ஆளும் கூட்டணி உறுப்பினர்களே சிலரும் போட்டார்கள். பத்து நாளுக்குள், செப்டம்பர் 8 அன்று, மந்திரி பெசார் முடிவைத் திரும்பப் பெற்றார்.

இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு பேசியதால்தான் அது நடந்தது. ஒரே ஒரு கட்சி பேசியிருந்தால் கட்சிச் சண்டையாக முடிந்திருக்கும்.

அடுத்த தேர்தல்ல ஒய்.பி. வந்து பசுமைனு சொன்னா, நெசமா பொய்யானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், அவர் சொல்வதைச் செய்ய அவர் நிற்கும் சபைக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலமும் காடும் மாநில அரசின் கையில். அணுசக்தி உரிமமும் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடும் மத்திய அரசின் கையில். மாநிலக் காட்டைக் காப்பாற்றுவேன் என்று நாடாளுமன்ற வேட்பாளர் சொன்னால், மாநிலத்தில் உங்கள் கூட்டணி சட்டமன்ற உறுப்பினர் இதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

அடுத்து தேதி. எந்த உரிமம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். லைனாஸ் விஷயத்தில் எல்லாமே உரிமம் முடியும் தேதியைச் சுற்றித்தான் நடந்தது. அது தெரியாத வேட்பாளர் அந்த ஆலையைப் பற்றிப் படிக்கவில்லை. தெரிந்தவர் என்றால், புதுப்பிக்கும்போது எந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, யாருக்கு அடிபடுகிறதோ அவர்களுக்கு ஓட்டு இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போன மாதம் எங்கள் மண்டபத்துக்கு வந்த ஒருவரிடம் அந்தத் தங்கச்சியே எழுந்து கேட்டாள்: இப்போது பாராகுவாட் இல்லை, வேறு மருந்து அடிக்கிறார்கள், அடிப்பவர்கள் வங்காளதேசத்து அண்ணன்கள், அவர்களுக்குக் கையுறை யார் கேட்டுக் கொடுப்பது? அவர் கையிலிருந்த நோட்டை விரித்து, தோட்டத்தின் பெயரையும் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.